சென்னையில் காலை 8 மணி என்றால் நியூ ஜெர்ஸியில் எந்த ராத்திரி?

கேள்வி: நான் நியூ ஜெர்ஸியில் இருக்கிறேன். அப்பா, அம்மா மேற்கு மாம்பலத்தில். பொங்கலுக்கு 2027 ஜனவரி 13, புதன் ராத்திரி எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு அவர்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். முன்பதிவு எந்த நாளில் திறக்கும், என் கடிகாரத்தில் அப்போது மணி எத்தனை? ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரமோ ஒரு நாளோ தப்பிவிடுகிறது.

பதில்:

உங்கள் ஊரில் 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை இரவு 9.30. சென்னையில் அப்போது நவம்பர் 14, சனிக்கிழமை காலை 8 மணி. அந்த இரவு 10.30க்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தாமதம். சனிக்கிழமை இரவு 9.30க்கு உட்கார்ந்தால் ஒரு முழு நாள் தாமதம். நீங்கள் சொல்லும் இரண்டு தப்புகளும் இவைதான். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்பதால் தனித்தனியாகப் பார்ப்போம்.

இதில் இருப்பது இரண்டு கணக்குகள். ஒன்று நாள் கணக்கு, இன்னொன்று மணிக் கணக்கு. நாள் கணக்கை முழுக்க முழுக்கச் சென்னைக் காலண்டரில் போட்டு முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வரும் விடையை, தேதியும் மணியும் சேர்ந்த ஒரே துண்டாக, உங்கள் ஊருக்கு மாற்ற வேண்டும். தேதியைத் தனியாகவும் மணியைத் தனியாகவும் மாற்றுகிறவர்களுக்குத்தான் ஒரு நாள் நழுவுகிறது.

முதலில் நாள். 2024 நவம்பர் 1 முதல் ரயில்வேயின் முன்பதிவுக் காலம் 60 நாள். அதற்கு முன் 120 நாளாக இருந்தது. இணையத்தில் இன்னும் பல பக்கங்கள் 120 என்றே சொல்லிக்கொண்டிருக்கும், அவற்றை மூடிவிடுங்கள். விதியில் பயண நாள் கணக்கில் சேராது என்று ஒரு வரி உண்டு. பலரைக் குழப்புவது இந்த வரிதான். அதன் அர்த்தம் ரொம்பச் சாதாரணம்: பயணத் தேதியிலிருந்து 60ஐக் கழியுங்கள், அவ்வளவுதான். ஜனவரி 13இலிருந்து 13 நாள் பின்னால் போனால் டிசம்பர் 31. மீதி 47. அதிலிருந்து டிசம்பரின் 31 நாளைக் கழித்தால் நவம்பர் 30, மீதி 16. நவம்பர் 30இலிருந்து 16 நாள் பின்னால் போனால் நவம்பர் 14. விரல் விட்டு எண்ணுகிறவர்கள் ஜனவரி 13ஐயே ‘ஒன்று’ என்று தொடங்கிவிடுவார்கள். அப்படி எண்ணினால் நவம்பர் 15 வரும், ஒரு நாள் போச்சு.

கையால் கழிக்கப் பிடிக்காவிட்டால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இந்த ஒரு வரி போதும்:

```
=DATE(2027,1,13)-60
```

விடை வெறும் ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றினால் நவம்பர் 14 என்று காட்டும்.

‘60 நாள்னா ரெண்டு மாசம்தானே’ என்று சொல்லிக்கொண்டு மாதத்தைக் கழிக்கிறவர்கள் உண்டு. பொங்கலுக்கு இது ஆபத்தில்லாத தப்பு. நவம்பர் 13இலிருந்து ஜனவரி 13 வரை 61 நாள், ஆகவே ஒரு நாள் முன்னாடியே போய் நிற்பார்கள், புக்கிங் திறந்திருக்காது, மறுநாள் வந்தால் கிடைக்கும். ஆனால் இதே பழக்கத்தைத் தமிழ்ப் புத்தாண்டுக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வார்கள். 2027 ஏப்ரல் 13 பயணத்துக்கு இரண்டு மாதம் கழித்தால் பிப்ரவரி 13. நடுவில் 28 நாள் பிப்ரவரி வருவதால் அது 59 நாள்தான். உண்மையில் திறப்பது பிப்ரவரி 12. ஒரு நாள் கழித்துப் போய், ‘திறந்த உடனே எல்லாம் போயிடுச்சு’ என்று புலம்ப வேண்டியதுதான். மாதக் கணக்கு பெரும்பாலும் முன்னாடியே கொண்டுபோய் நிறுத்தி நஷ்டம் காட்டாததால்தான் அது ஒழியாமல் இருக்கிறது.

அடுத்து மணி. பொதுப் புக்கிங் இந்திய நேரம் காலை 8 மணிக்குத் திறக்கும். இந்தியாவுக்குக் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. வருஷம் முழுக்க யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். ஆகவே சென்னையின் காலை 8 என்பது எந்த மாதமானாலும் யூடிசி 2.30. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். (ஒரு காலத்தில் இந்திய ரயில்களெல்லாம் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906இல் இந்திய நேரம் என்று ஒன்று வந்த பிறகு சென்னைக்கென்று தனி நேரம் தேவையில்லாமல் போனது. இன்றைக்கு உங்கள் போனில் சென்னையைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே ‘கொல்கத்தா’ என்றுதான் இருக்கும், அது தப்பில்லை.)

அசையாமல் நிற்பது சென்னைக் கடிகாரம். அசைவது உங்கள் கடிகாரம். அமெரிக்காவில் 2026இல் நவம்பர் 1, ஞாயிறு விடியற்காலை முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதுவரை நியூ ஜெர்ஸி யூடிசிக்கு 4 மணி பின்னால், அதற்குப் பிறகு 5 மணி பின்னால். ஆகவே அக்டோபர் கடைசி வரை சென்னையின் காலை 8, உங்களுக்கு முந்தின இரவு 10.30. நவம்பரிலிருந்து முந்தின இரவு 9.30.

இது தீபாவளியையும் பொங்கலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு நவம்பர் 6, வெள்ளி இரவு கிளம்புவதென்றால் 60ஐக் கழித்து செப்டம்பர் 7, திங்கள் காலை 8. உங்கள் ஊரில் செப்டம்பர் 6, ஞாயிறு இரவு 10.30. பயணம் நவம்பரில் இருக்கிறதே, அப்போது நேரம் மாறியிருக்குமே என்று இங்கே 9.30 போடக் கூடாது. பயண நாளில் உங்கள் ஊர்க் கடிகாரம் என்ன செய்கிறது என்பது இந்தக் கணக்குக்குச் சம்பந்தமே இல்லை. புக்கிங் திறக்கும் நாளில் என்ன என்பதுதான் கேள்வி, செப்டம்பரில் அது கோடை நேரம். இப்படி 10.30க்கு உட்கார்ந்து தீபாவளி டிக்கெட்டை எடுத்தவர், ‘நம்ம ஊர்ல பத்தரைக்குத் திறக்கும்’ என்று மனதில் எழுதிவைத்துக்கொண்டு, நவம்பர் 13ஆம் தேதியும் பத்தரைக்கே வந்து நிற்பார். சென்னையில் அப்போது காலை 9. பொங்கல் நேரத்துத் தெற்கத்தி வண்டிகளில் 9 மணிக்கு மிஞ்சியிருப்பது வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இதில் ஒரு சாய்வு இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலையுதிர்காலத்து மாற்றம் உங்களைத் தாமதமாக்கும். வசந்தகாலத்து மாற்றம் உங்களைச் சீக்கிரமாக்கும். மார்ச்சில் பழைய நினைப்பில் 9.30க்கு வந்தால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், நஷ்டமில்லை. நவம்பரில் பழைய நினைப்பில் 10.30க்கு வந்தால் டிக்கெட் இல்லை. பொங்கலுக்கான புக்கிங் எப்போதும் நவம்பர் நடுவில் விழுவதால், அமெரிக்கத் தமிழர்களுக்கு இந்தப் பொறி பண்டிகை தவறாமல் காத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இது தலைகீழ். மெல்போர்னிலும் சிட்னியிலும் அக்டோபர் முதல் ஞாயிற்றில் முள் முன்னால் போகும். அங்கே ஏமாற்றுவது ஏப்ரல் மாற்றம்.

மாற்றம் நடக்கும் வாரத்தில் கணக்கு எப்படித் துள்ளுகிறது என்பதற்கு ஒரு ஜோடித் தேதி. டிசம்பர் 31 பயணத்துக்குச் சென்னையில் நவம்பர் 1 காலை 8க்குத் திறக்கும். உங்களுக்கு அது அக்டோபர் 31, சனி இரவு 10.30. மறுநாள், அதாவது ஜனவரி 1 பயணத்துக்கு, நவம்பர் 2 காலை 8. உங்களுக்கு அது நவம்பர் 1, ஞாயிறு இரவு 9.30. அடுத்தடுத்த இரண்டு இரவுகள், வேறு வேறு மணி.

இப்போது முழு நாள் தப்புவது. உங்கள் கேள்வியில் இருக்கும் இரண்டு தப்புகளில் இதுதான் பெரியது. நாள் கணக்குப் போட்டு ‘நவம்பர் 14’ என்று வந்தது. மணிக் கணக்குப் போட்டு ‘இரவு 9.30’ என்று வந்தது. இரண்டையும் ஒட்டி ‘நவம்பர் 14 இரவு 9.30’ என்று காலண்டரில் எழுதிவிட்டால் வேலை கெட்டது. உங்கள் ஊரில் நவம்பர் 14 இரவு 9.30 ஆகும்போது சென்னையில் 15ஆம் தேதி காலை 8 மணி. வண்டி ஏற்கெனவே 24 மணி நேரமாகத் திறந்து கிடக்கிறது. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்குச் சென்னையின் காலை 8 கிட்டத்தட்ட எல்லா ஊர்களிலும் முந்தின நாள் மாலையிலோ இரவிலோதான் விழும். எழுதும்போதே கிழமையையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள்: ‘சென்னை சனி காலை, எனக்கு வெள்ளி இரவு’. தேதி எண்ணைப் பார்த்து ஏமாறும் கண், கிழமையைப் பார்த்து அவ்வளவு சுலபமாக ஏமாறாது.

இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் மண்டையில் போட வேண்டியதில்லை. கூகுள் காலண்டரில் நிகழ்வை உருவாக்கும்போது நேரத்துக்குப் பக்கத்தில் `Time zone` என்று இருக்கும். அதில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நவம்பர் 14 காலை 8 என்று சென்னைக் கணக்கிலேயே பதியுங்கள். சேமித்ததும் அது உங்கள் காலண்டரில் தானாகவே 13ஆம் தேதி வெள்ளிக் கட்டத்தில், இரவு 9.30இல் போய் உட்கார்ந்துகொள்ளும். நவம்பர் 1 முள் மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உள்ளூர் நேரத்தில் நீங்களே மாற்றி எழுதினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். போனில் இருக்கும் உலகக் கடிகாரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது காட்டுவது இந்த நிமிஷத்து வித்தியாசம். செப்டம்பரில் பார்த்தால் ஒன்பதரை மணி வித்தியாசம் என்று சொல்லும், நவம்பர் 13இல் அது பத்தரை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரியில் விடை வரும்:

```
TZ="America/New_York" date -d 'TZ="Asia/Kolkata" 2026-11-14 08:00'
```

வெள்ளி, நவம்பர் 13, இரவு 9.30 என்று சொல்லும். மேக்கில் இருக்கும் `date` வேறு வகை, அதில் இந்த வரி ஓடாது. இணையத்தில் நேரம் மாற்றும் பக்கங்களைப் பயன்படுத்தினால் `IST` என்ற மூன்றெழுத்தைத் தட்டாதீர்கள். அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதே மூன்றெழுத்து உண்டு. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

கணக்குச் சரியா என்று தெரிந்துகொள்ள அன்றைக்குவரை காத்திருக்க வேண்டாம். ஒத்திகை பார்க்கலாம். ஏதாவது ஒரு நாள், சென்னையில் காலை 8 தாண்டிய பிறகு, நீங்கள் எடுக்கப்போகும் அதே வண்டியை, அதே ஏறும் ஸ்டேஷனைப் போட்டு ஐஆர்சிடிசியில் தேடுங்கள். எந்தத் தேதி வரை இடம் காட்டுகிறது, எந்தத் தேதியிலிருந்து காட்டவில்லை என்று பாருங்கள். கடைசியாகக் காட்டும் தேதியிலிருந்து சென்னையின் இன்றைய தேதியைக் கழியுங்கள். 60 வந்தால் உங்கள் கணக்கு சரி. வேறு எண் வந்தால் அந்த வண்டிக்கு அந்த ஸ்டேஷனில் அதுதான் விதி. 60ஐ விட்டுவிட்டு அந்த எண்ணைக் கழியுங்கள். இப்படிப் பார்ப்பதில் இன்னொரு லாபம், நாளைக்கே ரயில்வே விதியை மாற்றினாலும் நீங்கள் முந்திக்கொண்டு தெரிந்துகொள்வீர்கள். தாஜ் எக்ஸ்பிரஸ், கோமதி எக்ஸ்பிரஸ் மாதிரியான சில பகல் வண்டிகளுக்கு முன்பதிவுக் காலம் ஏற்கெனவே குறைவு. எழும்பூர் ராத்திரி வண்டிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஏறும் ஸ்டேஷன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் அப்பா, அம்மா ஏறுவது எழும்பூரில். வண்டி கிளம்புவதும் அங்கேதான், ஜனவரி 13 இரவு என்றால் அது 13தான், குழப்பமில்லை. தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ ஏறினாலும் நள்ளிரவுக்கு முன்னால்தான் என்பதால் அதே தேதி. ஆனால் அதே வண்டியில் திருச்சியில் ஏறுகிற சித்தப்பாவுக்கும் சேர்த்துப் பார்க்கிறீர்கள் என்றால், வண்டி அங்கே வந்து சேர்வதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். அவர் டிக்கெட்டில் ஏறும் தேதி ஜனவரி 14. தேடும்போது 14 போட வேண்டும். 13 போட்டால் முந்தின நாள் எழும்பூரில் கிளம்பிய வேறு வண்டியைப் பிடித்துவிடுவீர்கள். நள்ளிரவு தாண்டி ஏறுகிறவர்களுக்கு 60 நாளை எதிலிருந்து எண்ணுவது என்பதை மேலே சொன்ன ஒத்திகையை அந்த ஸ்டேஷனுக்கே செய்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். தட்கலில் இது எழுதிவைத்த விதியே: வண்டி கிளம்பும் ஸ்டேஷனின் தேதிக்கு முந்தின நாள்தான் கணக்கு, ஏறும் ஸ்டேஷனின் தேதி இல்லை. தட்கல் திறப்பது ஏசிக்கு 10 மணி, ஏசி இல்லாத வகுப்புகளுக்கு 11 மணி, அதாவது யூடிசி 4.30, 5.30. நவம்பருக்குப் பிறகு உங்களுக்கு முந்தின இரவு 11.30, நள்ளிரவு 12.30. இந்த 12.30இல் இன்னொரு வேடிக்கை: 11.30 முந்தின தேதியில் இருக்கும், 12.30 சென்னையின் அதே தேதிக்கு வந்துவிடும். ஸ்லீப்பர் தட்கல் எடுக்கிறவர்கள் இங்கே தேதியைக் கோட்டைவிடுவது சகஜம்.

திரும்பி வருகிற டிக்கெட்டும் அதே நாளில் திறக்காது, அதற்குத் தனிக் கணக்கு. ஜனவரி 17, ஞாயிறு இரவு திருநெல்வேலியில் ஏறுவதென்றால் 60ஐக் கழித்து நவம்பர் 18, புதன். உங்களுக்கு நவம்பர் 17, செவ்வாய் இரவு 9.30. காணும் பொங்கல் முடிந்து சென்னை திரும்புகிற கூட்டம் போகிற கூட்டத்தைவிட ஒரே நாளில் குவியும், ஆகவே நியாயமாகப் பார்த்தால் பதற வேண்டிய இரவு இதுதான். போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறவர்களே அதிகம். இரண்டு நிகழ்வுகளையும் ஒரே உட்காரலில் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

நேரத்தைச் சரியாகப் பிடித்தும் உள்ளே நுழைய முடியாமல் போகிற ஒரு காரணம் உண்டு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது இப்போது முக்கியம். 2025 அக்டோபர் 1 முதல் பொதுப் புக்கிங் திறந்த முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று ரயில்வே வைத்தது. பிறகு அந்த நேரத்தை இன்னும் நீட்டினார்கள். உங்கள் ஐஆர்சிடிசி கணக்கு ஆதாரோடு இணையாவிட்டால், வெள்ளி இரவு 9.30க்கு எவ்வளவு துல்லியமாக உட்கார்ந்தாலும் பயனில்லை. கணக்குக்குள் `Authenticate User` என்ற இடத்தில் இதைச் செய்யலாம், ஆனால் ஓடிபி ஆதாரில் பதிந்திருக்கும் இந்திய எண்ணுக்குப் போகும். அந்தச் சிம் மாம்பலத்து மேஜை டிராயரில் அணைந்து கிடந்தால் நடக்காது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டவர்களுக்கு இது இன்னும் சிக்கல்.

இதற்கு நேரான வழி, டிக்கெட்டை அப்பா தன் கணக்கில், தன் போனில் எடுப்பது. அவர் கணக்கை இப்போதே ஆதாரோடு சரிபார்த்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் அங்கிருந்து நாளையும் மணியையும் கணக்குப் போட்டு, நேரத்தில் வீடியோ காலில் கூட இருங்கள். சென்னையில் அது காலை 8 மணி, அவருக்குக் காபி குடித்து முடித்த நேரம், தூக்கம் கெடுவது யாருக்கும் இல்லை. சனிக்கிழமை காலை 7.50க்கு லாகின் செய்தால் போதும். ரொம்ப முன்னதாக உள்ளே போய்ச் சும்மா விட்டுவைத்தால் தளம் தானாக வெளியே தள்ளிவிடும், சரியாக எட்டுக்கு மறுபடி கேப்சா தட்டிக்கொண்டிருப்பார். பயணிகள் பெயர், வயது எல்லாவற்றையும் முந்தின நாளே `Master List`இல் ஏற்றிவைத்தால் அந்த நேரத்தில் தட்டச்சு இல்லை. பணத்துக்கு யூபிஐயோ ஐஆர்சிடிசி இ-வாலட்டோ வேகம். உங்கள் அமெரிக்க கார்டைக் கொடுத்து அதற்கு வேறு ஓடிபி காத்திருக்க வைக்காதீர்கள். காலை 8 முதல் 10 வரை ஒரு கணக்குக்கு இரண்டு டிக்கெட்தான், ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை. கூட்டுக் குடும்பத்துக்கே எடுப்பதென்றால் இந்த எண்ணிக்கையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

போனும் வேண்டாம், தளமும் வேண்டாம் என்றால் மாம்பலம் ஸ்டேஷன் கவுன்ட்டர் இருக்கிறது. கவுன்ட்டரும் அதே 8 மணிக்குத்தான் திறக்கும். வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றாலே பண்டிகை நாளில் நம்பிக்கை குறைவு, ஆனாலும் இணையம் காலை வாரும் நாளில் கையில் ஒரு மாற்று இருக்கும்.

சரியான நேரத்துக்கு வந்தோமா, தாமதமா என்பதைத் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீங்கள் தேடும் ஜனவரி 13க்கு அடுத்த நாளான 14க்கும் இடம் காட்டினால், நீங்கள் ஒரு நாள் பிந்திவிட்டீர்கள். அது மணிப் பிழை இல்லை, தேதிப் பிழை. 13 மட்டும்தான் கடைசி, ஆனால் ஏற்கெனவே நூறைத் தாண்டி `WL` என்று நின்றால், தேதி சரி, மணி தப்பு. கோடை நேரத்தை மறந்திருக்கிறீர்கள். 12 வரைக்கும்தான் காட்டுகிறது, 13 வரவே இல்லையென்றால் இன்னும் எட்டாகவில்லை அல்லது ஒரு நாள் முன்னால் வந்துவிட்டீர்கள். `REGRET` என்று வந்துவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்டே மூடியாயிற்று, அந்த வகுப்பை விட்டு வேறு வகுப்போ வேறு வண்டியோ பாருங்கள்.

வேறு ஊர்களில் இருக்கும் உறவினர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முள்ளைத் திருப்பாத ஊர்க்காரர்கள் பாக்கியசாலிகள்: துபாயில் எப்போதும் காலை 6.30, தோஹாவிலும் குவைத்திலும் ரியாத்திலும் 5.30, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 10.30, எல்லாம் சென்னையின் அதே தேதி. லண்டனில் கோடையில் விடியற்காலை 3.30, அக்டோபர் 25க்குப் பிறகு 2.30, தேதி அதேதான், ஆனால் ‘சனிக்கிழமை விடியற்காலை’ என்பதை ‘சனிக்கிழமை ராத்திரி’ என்று எடுத்துக்கொள்வது அங்கே நடக்கும் தப்பு. டல்லாஸிலும் சிகாகோவிலும் முந்தின இரவு, கோடையில் 9.30, குளிரில் 8.30. கலிஃபோர்னியாவில் முந்தின மாலை, 7.30, 6.30. மெல்போர்னில் அதே நாள் பகல், அவர்கள் கோடையில் 1.30, குளிரில் 12.30. பிரிஸ்பேன் முள்ளைத் தொடுவதில்லை, எப்போதும் 12.30.

கடைசியாக, பொங்கல் சிறப்பு வண்டிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அவற்றைத் தெற்கு ரயில்வே பண்டிகை நெருங்கும்போதுதான் அறிவிக்கும், முன்பதிவு திறக்கும் தேதியும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். 60ஐக் கழிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அதுவும் காலை 8 மணிதான், ஜனவரியில் உங்களுக்கு அது முந்தின இரவு 9.30.